15 நிமிட டெமோ வகுப்பு: 1/3 பெரியதா, 1/4 பெரியதா?

கேள்வி: அடுத்த வாரம் கணித ஆசிரியர் வேலைக்கு இன்டர்வியூ. ஆறாம் வகுப்புக்கு 15 நிமிடம் டெமோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு ‘பின்னங்களை ஒப்பிடுதல்’. அது முடிந்ததும் வகுப்பறை நிர்வாகம் பற்றிக் கேட்பார்களாம். பி.எட். முடித்துவிட்டேன், பயிற்சி வகுப்புகள் தவிர அனுபவம் இல்லை. டெமோவை எப்படித் திட்டமிடுவது? ‘அடங்காத பையனை என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

பதில்:

நான் சில வருடங்களாக ஆசிரியர் தேர்வுப் பேனல்களில் உட்கார்ந்து வருகிறேன். எதிரே இருப்பவர்கள் எதைக் குறித்துக்கொள்கிறார்கள் என்பதை வைத்தே சொல்கிறேன். டெமோவுக்கும் அதன்பின் வரும் கேள்விகளுக்கும் தனித்தனியாகத் தயாராகாதீர்கள். வகுப்பை எப்படிக் கட்டிக் காப்பீர்கள் என்ற கேள்விக்கான விடையில் பாதியை டெமோவிலேயே நாங்கள் பார்த்துவிடுகிறோம். காகிதத்தைக் கொடுக்கும்போது சத்தம் கிளம்பியதா, கேள்வி கேட்டதும் முன்வரிசை மட்டும் கத்தியதா, பின்னால் இருந்தவரை நீங்கள் ஒருமுறையாவது பார்த்தீர்களா என்பதெல்லாம் எங்கள் தாளில் ஏறியிருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் வாயால் சொல்லும் பதில் அதோடு ஒத்துப்போனால் எடுபடும். ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு அழகாகச் சொன்னாலும் நிற்காது.

பள்ளியிடம் முன்கூட்டியே மூன்று விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எதிரே உண்மையான மாணவர்கள் இருப்பார்களா, பேனலில் உள்ளவர்களே மாணவர்களாக உட்காருவார்களா? எத்தனை பேர்? இந்தப் பிள்ளைகள் பின்னத்தில் எதுவரை படித்திருக்கிறார்கள்? கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று பலர் தயங்குகிறார்கள். அப்படி யாரும் நினைப்பதில்லை. பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வருகிறவர் என்றுதான் குறித்துக்கொள்வோம்.

அடுத்து, தலைப்பைச் சுருக்குங்கள். ‘பின்னங்களை ஒப்பிடுதல்’ என்பது ஒரு வார வேலை. பகுதி எண் ஒன்றாக இருப்பவை, தொகுதி எண் ஒன்றாக இருப்பவை, இரண்டும் வேறுபடுபவை, மீச்சிறு பொது மடங்கு என்று அது நீண்டுகொண்டே போகும். டெமோவில் தோற்றுப் போகிறவர்களில் பெரும்பாலோர் இவை எல்லாவற்றையும் 15 நிமிடத்துக்குள் அடைக்கப் பார்த்தவர்கள்தான். நீங்கள் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: தொகுதி 1 ஆக உள்ள இரண்டு பின்னங்களைக் கொடுத்தால், எது பெரியது என்று மாணவர் சொல்ல வேண்டும், ஏன் என்பதைப் படம் வரைந்து காட்ட வேண்டும். பாடத்திட்டத் தாளின் முதல் வரியாக இதை அப்படியே எழுதுங்கள். ‘பின்னங்களைப் புரிந்துகொள்வர்’ என்று எழுதினால், புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்ற கேள்வி வரும். ‘சொல்வார், வரைந்து காட்டுவார்’ என்று எழுதியிருந்தால் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இந்தச் சின்னத் துண்டை நான் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதற்குள் ஒரு நல்ல தவறு ஒளிந்திருக்கிறது. 1/3, 1/4 இரண்டையும் எழுதி எது பெரியது என்று கேட்டால், பல பிள்ளைகள் 1/4 என்பார்கள். 3-ஐ விட 4 பெரிது என்று அத்தனை வருடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதைத்தான் இங்கேயும் கொண்டுவருகிறார்கள். மாணவரிடம் இருக்கும் ஒரு தவறான எண்ணத்தை வெளியே வரவைத்து, அவர் கையாலேயே அதைத் திருத்த வைத்துவிட்டால், கற்பித்தல் தெரியும் என்று நிரூபிக்க வேறு எதுவும் வேண்டாம்.

இனி நிமிடக் கணக்கு. முதல் 2 நிமிடம் பேச்சே வேண்டாம். உள்ளே போனதும் வணக்கம், பெயர், அவ்வளவுதான். கரும்பலகையின் இடது பக்கம் 1/3, 1/4 என்று பெரிதாக எழுதி, “எது பெரியது? நோட்டில் எழுதுங்கள், யாரும் வாய்திறந்து சொல்ல வேண்டாம்” என்று சொல்லுங்கள். எல்லோரும் எழுதி முடித்ததும் கை தூக்கச் சொல்லி எண்ணி, ஒவ்வொன்றின் கீழும் எத்தனை பேர் என்று எழுதுங்கள். விடையைச் சொல்லாதீர்கள். முகத்திலும் காட்டாதீர்கள். இந்த எண்ணிக்கையை அழிக்காமல் வைத்திருங்கள், கடைசியில் வேண்டும்.

அடுத்த 5 நிமிடம் காகிதப் பட்டை. இங்கேதான் தயாரிப்பு பேசும். ‘ஒரு தாளை மூன்றாக மடியுங்கள்’ என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதியாக மடிப்பது எளிது, நான்காக மடிப்பதும் எளிது, சமமாக மூன்றாக மடிப்பது பெரியவர்களுக்கே கைவராது. ஒருவர் மடித்த மூன்றில் ஒரு துண்டு சிறியதாகப் போய், நான்கில் ஒரு பங்கோடு ஏறக்குறையச் சமமாக வந்து நிற்கும். பாடம் அங்கேயே உடைந்துவிடும். ஆகவே பட்டையை வீட்டிலேயே 12 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். 12-ஐ மூன்றாலும் வகுக்கலாம், நான்காலும் வகுக்கலாம். ஒரு பட்டையில் 4, 8 செ.மீ. இடங்களில் மெல்லிய கோடு. இன்னொன்றில் 3, 6, 9 செ.மீ. இடங்களில். பிள்ளைகள் கோட்டில் மடித்தால் போதும். இரண்டு பேருக்கு ஒரு ஜோடிப் பட்டை. நான்கைந்து ஜோடி கூடுதலாக இருக்கட்டும். பட்டைகள் வேறு வேறு நிறமாக இருந்தால் ‘மஞ்சளை மடியுங்கள்’ என்று சொல்வது சுலபம்.

பட்டையைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடித்துவிடுங்கள். கொடுத்த பிறகு சொன்னால் ஒருவர் காதிலும் விழாது. “இரண்டு பட்டை தருகிறேன். மஞ்சளில் மூன்று பங்கு, நீலத்தில் நான்கு பங்கு. கோட்டில் மடித்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பங்குக்கு மட்டும் வண்ணம் தீட்டுங்கள். முடித்ததும் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக, இடது ஓரம் சேர்த்து வையுங்கள். 3 நிமிடம்.” சொல்லிவிட்டு யாராவது ஒருவரிடம், “முதலில் என்ன செய்யப் போகிறாய்?” என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொன்ன பிறகு பட்டைகள் போகட்டும். இந்த ஒரு சின்ன வரிசைமாற்றத்தை டெமோவில் பார்த்துவிட்டால், வகுப்பு நிர்வாகத்தைப் பற்றி எனக்குப் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அவர்கள் வேலை செய்யும்போது பலகைப் பக்கமே நிற்காதீர்கள். பின்வரிசை வரை ஒரு சுற்று வாருங்கள். மாணவர்களாக உட்கார்ந்திருப்பது பேனல் ஆட்களே என்றாலும் சுற்றத்தான் வேண்டும். கேள்வி கேட்டு எழுதச் சொன்னபோது எதிர்பார்த்த தவறு யார் நோட்டில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அவரிடம் கேட்க வேண்டும்.

7-வது நிமிடத்தில் கவனத்தைத் திருப்புங்கள். அதற்கு ஒரு அடையாளம் வேண்டும். கையைத் தூக்கி நிற்பது போதும். அந்த அடையாளத்தை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் அமைதியாகும்வரை பேச்சைத் தொடங்காதீர்கள். நாலைந்து நொடிதான் ஆகும், ஆனால் டெமோவில் அது நாலைந்து நிமிடமாகத் தோன்றும். பதற்றத்தில் சத்தத்துக்கு மேல் சத்தமாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள்.

பலகையில் நடுப்பகுதியில் நீங்களும் இரண்டு பட்டை வரையுங்கள். 60 செ.மீ. என்று வைத்தால் மூன்றில் ஒரு பங்கு 20 செ.மீ., நான்கில் ஒரு பங்கு 15 செ.மீ. கடைசி வரிசைக்கும் வித்தியாசம் தெரியும். கையால் குத்துமதிப்பாக வரைந்தால் இரண்டு பட்டையும் வேறு நீளத்தில் வந்துவிடும். அப்புறம் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே போய்விடும். ஒரு நூலில் 60, 20, 15 செ.மீ. இடங்களில் முடிச்சுப் போட்டு எடுத்துப் போங்கள்.

இப்போது கேள்வி: “பங்குகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனால் ஒரு பங்கு ஏன் சிறிதாகிவிட்டது? பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள், 1 நிமிடம்.” பேசிய பிறகு பெயர் சொல்லிக் கேளுங்கள். கேள்வியை முதலில் எல்லோருக்கும் வைத்து, கொஞ்சம் நிறுத்தி, அதன்பிறகு பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். நிறுத்துவதற்கும் ஒரு அளவு இருக்கிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக 1 நொடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய்திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். பேனலில் இருப்பவர்களுக்கு அந்த மௌனம் நன்றாகவே கேட்கும்.

யாராவது “ஒரே பட்டையை அதிகம் பேருக்குப் பிரித்தால் ஒருவருக்குக் கிடைப்பது குறையும்” என்கிற மாதிரி சொல்வார்கள். அதை அவர்கள் வார்த்தையிலேயே பலகையின் வலது பக்கம் எழுதுங்கள். நீங்கள் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியத்தை எழுதாதீர்கள்.

10-வது நிமிடத்தில் சோதித்துப் பாருங்கள். “1/6, 1/8, 1/5. பெரியதிலிருந்து சிறியது வரை எழுதி நோட்டைத் தூக்கிக் காட்டுங்கள்.” சரியான விடை 1/5, 1/6, 1/8. பழைய எண்ணத்திலேயே இருப்பவர் 1/8, 1/6, 1/5 என்று எழுதுவார். விடையைப் பார்த்ததுமே அவர் எங்கே சிக்கியிருக்கிறார் என்று தெரிகிற மாதிரி கேள்வியை அமைப்பதுதான் இதில் வேலை. தவறாக எழுதியவர்கள் அதிகமாக இருந்தால் அடுத்ததற்குப் போகாதீர்கள், 12 செ.மீ. பட்டையில் ஆறில் ஒரு பங்கு 2 செ.மீ., எட்டில் ஒரு பங்கு ஒன்றரை செ.மீ. என்று அவர்களையே கோடு போட வையுங்கள். திட்டத்தை மாற்றினால் மதிப்பெண் குறையும் என்று பயப்பட வேண்டாம். எங்களைப் பொறுத்தவரை கூடும்.

கடைசி 2 நிமிடத்தில் இடது பக்கம் எழுதிய எண்ணிக்கைக்குத் திரும்பிப் போங்கள். “இப்போது கை தூக்குங்கள்.” மாறியவர் ஒருவரிடம் ஏன் மாற்றினார் என்று கேளுங்கள். மாற்றிக்கொள்வது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று அந்தத் தொனியிலேயே தெரிய வேண்டும். பட்டைகளை வரிசைக்கு ஒருவர் சேகரித்துத் தரட்டும். அதோடு முடிந்தது.

இதில் நான் சேர்க்காத ஒன்றை நீங்கள் கவனித்திருப்பீர்கள். “புரிந்ததா?” என்ற கேள்வி எங்கேயும் இல்லை. என்னுடைய முதல் டெமோவில் அந்தக் கேள்வியை நாலு முறை கேட்டேன். நாலு முறையும் “புரிந்தது” என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. முடிந்ததும் பேனலில் ஒருவர் மூன்றாவது வரிசைப் பெண்ணின் நோட்டை வாங்கிக் காட்டினார். பலகையில் இருந்ததை எழுத்துக்கு எழுத்து எடுத்து எழுதியிருந்தாள். கடைசியாகக் கொடுத்த கணக்கின் இடம் மட்டும் காலியாக இருந்தது. அந்த வேலை கிடைக்கவில்லை. அந்த நோட்டு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. “புரிந்ததா?” என்பதற்குப் பிள்ளைகள் எப்போதும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். எழுதிக் காட்டச் சொன்னால்தான் உண்மை வெளிவரும்.

டெமோ நடுவே பேனல் சோதிக்கும். இரண்டு விதமாகச் சோதிப்பார்கள். ஒன்று, பாடத்தின் எல்லையில். மாணவராக நடிப்பவர் எழுந்து, “அப்படியென்றால் பகுதி எண் பெரிதாக இருந்தால் பின்னம் எப்போதும் சின்னதுதானே சார், 3/4-ஐ விட 2/3 பெரியதுதானே?” என்பார். நீங்கள் சொல்லிக் கொடுத்த விதி தொகுதி சமமாக இருக்கும்போது மட்டும் செல்லும் என்பது உங்களுக்குத் தெரியுமா என்று பார்க்கிறார்கள். அதே பட்டையில் 2/3 என்பது 8 செ.மீ., 3/4 என்பது 9 செ.மீ. “நல்ல சந்தேகம். உன் பட்டையில் மூன்றில் இரண்டு பங்கையும் நான்கில் மூன்று பங்கையும் அளந்து பார்” என்று அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அளந்து சொன்னதும், “நாம் இன்று பார்த்தது ஒரே ஒரு பங்கை எடுக்கும்போது. அதிகப் பங்கு எடுத்தால் என்ன ஆகும் என்று நாளைக்குப் பார்ப்போம்” என்று மூலையில் குறித்து வையுங்கள். ‘அது உங்களுக்கு இப்போது வேண்டாம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று நடத்தையில். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே இருப்பார்கள், அல்லது “இதெல்லாம் போன வருஷமே படிச்சிட்டோம்” என்பார்கள். இரண்டாவதற்கு, “அப்படியா, நல்லது. அப்போ ஏன் சிறிதாகிறது என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கு, நான் வந்து கேட்கிறேன்” என்று வேலை கொடுத்துவிடலாம். பேசுகிறவருக்குப் பேச்சே வேண்டாம். பாடத்தை நிறுத்தாமல் அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். அங்கிருந்தபடியே அடுத்த வாக்கியத்தை வகுப்புக்குச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கும்.

சரி, இனி மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்லும் பகுதி.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து ஆராய்ந்து, 1970-ல் முடிவுகளை வெளியிட்டார். வகுப்பு ஒழுங்காக நடக்கிற ஆசிரியரையும் நடக்காத ஆசிரியரையும் ஒப்பிட்டபோது, தவறு நடந்த பிறகு கண்டிக்கும் முறையில் அவர்களிடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் எல்லாம் அதற்கு முன்னால் இருந்தது: வகுப்பு முழுவதிலும் என்ன நடக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருப்பது, அப்படித் தெரியும் என்று பிள்ளைகளுக்கும் தெரிந்திருப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தடங்கல் இல்லாமல் போவது. ‘அடங்காத பையனை என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்வியிலேயே தவறு நடந்தபின் என்ன என்றுதான் கேட்கிறார்கள். நீங்கள் முன்னாலிருந்து தொடங்குங்கள்.

பலர் சொல்லும் பதில் இப்படி இருக்கும்: “அன்பாகப் பேசிப் புரிய வைப்பேன், அப்போதும் கேட்கவில்லை என்றால் கண்டிப்பேன்.” இதில் தவறாக எதுவும் இல்லை. ஆனால் எந்த ஆசிரியரும் எந்த வகுப்புக்கும் சொல்லக்கூடிய பதில் இது. நான் தாளில் எதையும் எழுத மாட்டேன். ‘வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பேன்’ என்பவர்களும் உண்டு. வெளியே நிற்கிற பிள்ளை பாடத்தை இழக்கிறது, யார் பார்வையிலும் இல்லாமல் நிற்கிறது. பாடம் பிடிக்காத பிள்ளைக்கு அது தண்டனையும் இல்லை. ‘தலைமையாசிரியரிடம் அனுப்புவேன்’ என்பதை முதல் படியாகச் சொன்னால், உங்கள் வகுப்பை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது என்று தோன்றிவிடும்.

ஒரு பதிலைப் படிப்படியாகக் காட்டுகிறேன். மனப்பாடம் செய்ய வேண்டாம், எப்படிக் கட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

“மேடம், முதலில் அவன் எப்போது அப்படிச் செய்கிறான் என்று இரண்டு மூன்று நாள் கவனிப்பேன். எழுதும் வேலை கொடுக்கும்போது மட்டும் தொந்தரவு செய்கிறான் என்றால் வேலை அவனுக்குக் கடினமாக இருக்கலாம். சீக்கிரம் முடித்துவிட்டுச் செய்கிறான் என்றால் அவனுக்கு வேலை போதவில்லை. இரண்டுக்கும் நான் செய்ய வேண்டியது வேறு. அந்த நேரத்தில், பாடத்தை நிறுத்தாமல் அவன் பக்கத்தில் போய் நிற்பேன். அப்படியும் தொடர்ந்தால் குனிந்து அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வேன்: ‘மூன்றாவது கணக்கைப் போடு, 2 நிமிடத்தில் வந்து பார்க்கிறேன்.’ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பக்கத்திலேயே நின்றால் மற்றவர்கள் முன்னால் அவன் விட்டுக்கொடுக்க மாட்டான். 2 நிமிடத்தில் கட்டாயம் திரும்பிப் போய்ப் பார்ப்பேன். வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன். ஒரு வாரத்தில் மாற்றம் இல்லை என்றால், எந்தத் தேதியில் என்ன நடந்தது, நான் என்ன செய்தேன் என்ற குறிப்போடு வகுப்பாசிரியரிடம் பேசுவேன், பிறகு பெற்றோரிடம்.”

இந்தப் பதிலில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், காரணத்தைத் தேடுவது இருக்கிறது, சின்ன நடவடிக்கையிலிருந்து பெரியதற்குப் போகும் வரிசை இருக்கிறது, வாயால் என்ன சொல்வீர்கள் என்பது சொல்லுக்குச் சொல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ‘திரும்பிப் போய்ப் பார்ப்பேன்’ இருக்கிறது. புதியவர்கள் விட்டுவிடுவது அதைத்தான். சொன்னதைச் செய்தானா என்று போய்ப் பார்க்காத ஆசிரியரின் சொல்லுக்கு இரண்டாவது வாரத்தில் மதிப்பு இருக்காது.

இதோடு விட மாட்டார்கள். “அப்படியும் கேட்கவில்லை என்றால்?” என்று தொடர்வார்கள். ஒவ்வொரு தடவையும் நீங்கள் குரலை உயர்த்திக்கொண்டே போகிறீர்களா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வி. இறுதியில் “அடிப்பேன்” என்றோ “டி.சி. கொடுக்கச் சொல்வேன்” என்றோ வாயைவிட்டு வரவழைப்பதற்காகவே சிலர் விடாமல் கேட்பார்கள். அடிப்பதும் அவமானப்படுத்துவதும் எந்தப் படியிலும் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதன்பிறகு, “இந்தப் பள்ளியில் அதற்கென்று என்ன நடைமுறை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதன்படி போவேன். நான் தனியாகத் தீர்க்க முடியாத விஷயம் என்றால் தாமதிக்காமல் உதவி கேட்பேன்” என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேருக்கு நேராக “முடியாது” என்று சொல்லும் மாணவனைப் பற்றியும் கேட்பார்கள். அங்கே முக்கியமானது 40 ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பது. அப்போதே யார் ஜெயிப்பது என்று பார்க்கத் தொடங்கினால் இரண்டு பேருமே தோற்பார்கள். “சரி, இதைப் பற்றி வகுப்பு முடிந்ததும் பேசலாம்” என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்குப் பாடத்தைத் தொடர்வீர்கள். வகுப்பு முடிந்ததும் கட்டாயம் பேசுவீர்கள். யாருக்காவது அடிபடக்கூடிய நிலை என்றால் மட்டும் வேறு கணக்கு. அங்கே பாடம் நிற்கும், உடனே உதவிக்கு ஆள் வர வேண்டும்.

உங்களிடம் அனுபவம் கேட்பார்கள். ‘வகுப்பில் நீங்கள் சந்தித்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள்.’ பயிற்சி வகுப்பில் நடந்த ஒன்று கட்டாயம் இருக்கும். சின்னதாக இருந்தால் பரவாயில்லை, உண்மையாக இருக்கட்டும். எந்த வகுப்பு, அப்போது என்ன வேலை நடந்துகொண்டிருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதற்குப் பிறகு என்ன ஆனது என்று நாலு வரியில் சொல்லுங்கள். முதலில் செய்தது பலிக்கவில்லை என்றால் அதையும் சொல்லி, அடுத்து எதை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். இட்டுக்கட்டிய கதை இரண்டாவது துணைக்கேள்வியிலேயே வெளியே வந்துவிடும். ‘அவன் அதற்கு என்ன சொன்னான்?’ என்று நாங்கள் கேட்டதும் முகம் மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கேள்விக்கும் முன்னாலேயே யோசித்துக்கொண்டு போங்கள்: “இதே பாடத்தை மறுபடியும் எடுத்தால் எதை மாற்றுவீர்கள்?” ‘ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை’ என்பது மோசமான பதில். ‘இன்னும் நன்றாக எடுத்திருக்கலாம்’ என்பதும் அதே அளவுக்கு வெறுமையானது. அன்று நடந்ததிலிருந்து ஒன்றைச் சுட்டிக்காட்டுங்கள். “இரண்டாவது வரிசையில் இருந்தவர் பட்டைகளை இடது ஓரம் சேர்க்காமல் நடுவில் வைத்து ஒப்பிட்டார். அடுத்த முறை முதலில் நானே ஒரு ஜோடியை வைத்துக் காட்டுவேன்” என்கிற மாதிரி. அதனால்தான் டெமோ முடிந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், கேட்பதற்கு முன்னாலேயே, மனதில் அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு முறை முழுதாக எடுங்கள். மூன்றாவது முறை 8-வது நிமிடத்தில் யாரையாவது “போதும், நிறுத்துங்கள்” என்று சொல்லச் சொல்லுங்கள். பேனல் அப்படிச் செய்வது சகஜம்; நேரம் இல்லை என்றோ, எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பார்க்கவோ. அப்படி நிறுத்தினால் மீதியை அவசரமாகச் சொல்லிக் கொட்டாதீர்கள். பட்டையில் எது நீளம் என்று ஒருவரைச் சொல்ல வைத்து, ஆரம்பத்தில் எண்ணிய கைகளை மறுபடி எண்ணிவிட்டால் பாடம் முழுமையடைந்துவிடும். அதற்கு 1 நிமிடம் போதும்.